ஓ.ஆர்.எஸ்., ஜிங்க்: கைக்குழந்தைக்குக் கொடுக்கும்போது எங்கே பிசகுகிறது

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் கையைக் கழுவு, தண்ணீரைக் கொதிக்க வை என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தவர்களே திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள் வேறு.

பெரிய பாக்கெட்டை ஒரு தம்ளரில் கரைப்பது

இதைப் பார்க்கும்போது இன்னமும் எரிச்சல்தான் வருகிறது. கடைகளில் இரண்டு அளவு ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கிடைக்கிறது. 20 கிராம் சொச்சம் உள்ளது ஒரு லிட்டருக்கு. 4 கிராம் சொச்சம் உள்ள சின்னது 200 மி.லி.க்கு. குழந்தை எங்கே ஒரு லிட்டர் குடிக்கப்போகிறது என்று நினைத்துப் பெரியதை ஒரு தம்ளர் தண்ணீரில் கொட்டிவிடுகிறார்கள்.

ஒரு லிட்டரில் 75 மில்லிமோலாக இருக்க வேண்டிய சோடியம் அப்போது ஐந்து மடங்காகி, 375-இல் நிற்கும். இரத்தத்தில் இருப்பதே 140 அளவுதான். இந்தக் கரைசல் குடலில் இருந்து தண்ணீரை உள்ளே இழுக்காது. உடம்பிலிருந்து குடலுக்கு இழுக்கும். போக்கு கூடும், தாகம் அடங்காது, குழந்தை சிணுங்கிக்கொண்டே தம்ளருக்குக் கை நீட்டும். "ஆசையாக் குடிக்கிறானே" என்று பாட்டி இன்னும் ஊற்றுவார். இரத்தத்தில் உப்பு ஏறினால் வலிப்பு வரை போகும்.

பாதிப் பாக்கெட்டை அரை லிட்டரில் கரைப்பதும் சரியில்லை. பொடியில் உப்பும் குளுக்கோஸும் ஒரே சீராகக் கலந்திருக்காது. பாக்கெட் முழுவதையும் அதில் அச்சிட்ட அளவுத் தண்ணீரில் கரையுங்கள். லிட்டர் பாட்டிலால் அளந்தால் போதும். மீந்ததை 24 மணி நேரத்தில் கொட்டிவிடுங்கள். ருசிக்காகச் சர்க்கரை, ஜூஸ் எதுவும் சேர்க்காதீர்கள்.

வாந்தி வந்ததும் நிறுத்துவது

பத்து நிமிடம் பொறுத்து மறுபடி தொடங்குங்கள், இன்னும் மெதுவாக. மடமடவென்று குடிக்க விடுவதால்தான் பெரும்பாலும் வாந்தி வருகிறது.

ஒன்றரை வயது, 10 கிலோ எடை, கண் சற்றுக் குழிந்து, எரிச்சலோடு தாகமாயிருக்கும் குழந்தை என்று வையுங்கள். கிலோவுக்கு 75 மி.லி. கணக்கில் 4 மணி நேரத்தில் 750 மி.லி. போக வேண்டும். 5 மி.லி. ஸ்பூனால் ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு தடவை கொடுத்தால் கணக்கு ஏறக்குறைய சரியாக வரும். இதைச் சுகாதார நிலையத்தில், கண்காணிப்பில் செய்வது நல்லது. நீரிழப்பு இல்லாத குழந்தைக்கு இவ்வளவு வேண்டாம். இரண்டு வயதுக்குள் என்றால் ஒவ்வொரு முறை போன பிறகும் 50 முதல் 100 மி.லி. போதும்.

பாலையும் சோற்றையும் நிறுத்துவது

வேண்டாம்.

போக்கு நின்றதும் ஜிங்கை நிறுத்துவது

ஆறு மாதத்துக்கு மேல் தினம் 20 மி.கி., அதாவது ஒரு மாத்திரை. இரண்டு முதல் ஆறு மாதத்துக்குள் அரை. மூன்றாம் நாளே போக்கு நின்றாலும் 14 நாளும் கொடுக்க வேண்டும். அடுத்த இரண்டு மூன்று மாதத்துக்குத் திரும்ப வரும் வாய்ப்பைக் குறைப்பது இந்த முழுக் கணக்குதான். மாத்திரையை ஒரு ஸ்பூன் தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ கரைத்துப் புகட்டுங்கள். அரை மணிக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று கொடுக்கலாம்.

வீட்டிலேயே பார்த்துக்கொண்டிருப்பது

மலத்தில் இரத்தம், எதைக் கொடுத்தாலும் வாந்தி, குடிக்கவே முடியாத சோர்வு, கிள்ளிய வயிற்றுத் தோல் மெல்ல இறங்குவது: இதில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. வழியெல்லாம் ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்துக்கொண்டே போங்கள். குடிக்கவே முடியாத குழந்தைக்கு மட்டும் வாயில் ஊற்றாதீர்கள், புரையேறும்.