டெலிவரி வண்டிகளுக்குப் பாதை போடும்போது: சேமிப்பு முறையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு குடோன், சில வண்டிகள், ஊர் முழுக்க வாடிக்கையாளர்கள். எந்த வண்டி யாரிடம், எந்த வரிசையில் போனால் மொத்த கிலோமீட்டர் குறையும்? வாகனப் பாதைத் திட்டமிடல் என்கிற கணக்கு இவ்வளவுதான். பெட்ரோல் பங்குகளுக்கு எரிபொருள் கொண்டுபோகும் லாரிகளை வைத்து டான்ட்சிக், ராம்சர் இருவரும் 1959-இல் இதை முதலில் எழுதினார்கள். கேள்வி எளிது, விடை அப்படியில்லை. ஒரே வண்டி, 10 வாடிக்கையாளர்கள் என்றாலே 36 லட்சத்துக்கும் மேல் வரிசைகள் வரும். அதனால்தான் கிளார்க், ரைட் இருவரும் 1964-இல் கொடுத்த சேமிப்பு முறையை இன்றும் பலர் பயன்படுத்துகிறார்கள். ஒரு எக்ஸெல் தாளிலேயே போட்டுவிடலாம். ஆனால் சில இடங்களில் சத்தமில்லாமல் தவறிவிடும்.

முறையை முதலில் பார்த்துவிடுவோம். ஆரம்பத்தில் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு தனி வண்டி போய்த் திரும்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேரை ஒரே ட்ரிப்பில் சேர்த்தால், முதல்வரிடமிருந்து குடோனுக்குத் திரும்புவதும், குடோனிலிருந்து இரண்டாமவருக்குப் போவதும் மிச்சம். அவர்கள் இருவருக்கும் இடையிலான தூரம் மட்டும் புதிதாகச் சேரும்.

```
சேமிப்பு(1, 2) = குடோன்–1 தூரம் + குடோன்–2 தூரம் − 1–2 தூரம்
```

எல்லா ஜோடிகளுக்கும் இதைக் கணக்கிட்டு, பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி, முடிந்தவரை சேர்த்துக்கொண்டே போக வேண்டும்.

க, ச, த, ப, ம என்று ஐந்து வாடிக்கையாளர்கள். குடோனிலிருந்து தூரம் முறையே 8, 9, 7, 6, 5 கி.மீ. லோடு 30, 20, 25, 20, 30 பெட்டிகள். ஒரு வண்டியில் 100 பெட்டி ஏறும். தனித்தனியாகப் போனால் மொத்தம் 70 கி.மீ. முக்கியமான ஜோடிகள் இவை:

```
ஜோடி     இடைத்தூரம்   சேமிப்பு
க–ச          3           14
ச–த          6           10
ச–ப          7            8
த–ப          5            8
க–த          9            6
க–ப         10            4
ப–ம          7            4
```

ம-வை க, ச, த மூவரில் யாரோடு சேர்த்தாலும் சேமிப்பு 0. அவர்களிடமிருந்து ம-வுக்குப் போவதும், குடோன் வழியாகச் சுற்றிப் போவதும் ஒரே தூரம்.

முதலில் க–ச சேர்கிறது, அப்புறம் ச–த. இப்போது பாதை க, ச, த, லோடு 75. அடுத்து பட்டியலில் இருப்பது ச–ப, சேமிப்பு 8. ப-வின் 20 பெட்டியும் ஏறும். சேர்த்துவிடலாமா?

கூடாது. நான் பார்த்த எக்ஸெல் தாள்களில் அதிகம் வருவது இந்தத் தவறுதான். சேமிப்பு என்ற எண், ச-விலிருந்து வண்டி நேராகக் குடோனுக்குத் திரும்புகிறது, அந்தத் திரும்பும் பயணம் மிச்சமாகிறது என்ற நிபந்தனையில் பிறந்தது. இப்போது ச பாதையின் நடுவில் இருக்கிறது. அங்கிருந்து யாரும் குடோனுக்குத் திரும்பவில்லை. இல்லாத பயணத்தை எப்படி மிச்சப்படுத்துவது? மீறி ப-வை ச-வுக்குப் பக்கத்தில் நுழைத்தால், நல்ல இடத்தில் நுழைத்தாலும் பாதை க, ச, ப, த என்று ஆகி 30 கி.மீ. வரும். முன்பு க–ச–த பாதை 24, ப-வின் தனிப் பயணம் 12, ஆக 36. உண்மையில் மிச்சம் 6 தான், தாள் சொன்ன 8 அல்ல. க-வுக்கும் ச-வுக்கும் நடுவே நுழைத்தால் பாதை 38. அதாவது 2 கி.மீ. நஷ்டம்.

ஒரு ஜோடியைச் சேர்க்க, இருவரும் வெவ்வேறு பாதைகளில் இருக்க வேண்டும். இருவருமே தத்தம் பாதையின் முனையில், குடோனை ஒட்டி இருக்க வேண்டும். மொத்த லோடு ஏற வேண்டும். அதன்படி ச–ப தள்ளப்படுகிறது, த–ப சேர்கிறது. பாதை க, ச, த, ப, லோடு 95, தூரம் 28. க–த, க–ப ஜோடிகள் ஏற்கெனவே ஒரே பாதையில் இருப்பதால் விழுகின்றன. ப–ம சேர்ந்தால் லோடு 125, அதுவும் முடியாது. ம தனியாக 10 கி.மீ. மொத்தம் 38.

இந்தத் தவறு நடந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ஆரம்பத் தூரத்திலிருந்து ஏற்றுக்கொண்ட சேமிப்புகளைக் கழியுங்கள்: 70 − 14 − 10 − 8 = 38. பிறகு இறுதிப் பாதைகளைத் தனியாக ஒவ்வொரு துண்டுத் தூரமாகக் கூட்டுங்கள்: 28 + 10 = 38. இரண்டும் ஒத்துப்போக வேண்டும். ச–ப-வைச் சேர்த்தவருக்குத் தாளில் 38, சாலையில் 40 வரும்.

அடுத்த தவறு, முதல் விடையோடு நின்றுவிடுவது. இந்த முறை பேராசைக்காரன்: இந்த நிமிடத்தில் பெரிதாகத் தெரிவதை எடுத்துக்கொள்ளும், பின்னால் என்ன அடைபடும் என்று பார்க்காது. வேறொரு நாளில் ம ஆர்டர் கொடுக்கவில்லை. க 50, ச 30, த 70, ப 50 பெட்டிகள். க–ச முதலில் சேர்ந்து 80 ஆகிவிடும். அதன்பின் எதுவும் எதோடும் சேராது. மூன்று வண்டிகள், 20 + 14 + 12 = 46 கி.மீ. ஆனால் மொத்த லோடு 200, இரண்டு வண்டிக்குச் சரியாக இருக்கிறதே? க–ச ஜோடியைத் தடைசெய்துவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள். ச–த சேர்ந்து 100, க–ப சேர்ந்து 100. தூரம் 22 + 24, அதே 46. ஒரு வண்டியும் ஒரு டிரைவரும் மிச்சம்.

ஆகவே மொத்த லோடை வண்டிக் கொள்ளளவால் வகுத்து மேல்நோக்கி முழுமையாக்கிய எண்ணை எப்போதும் பக்கத்தில் எழுதிவைப்பது நல்லது. விடை அதைவிடக் கூடுதல் வண்டி கேட்டால், மேலே உள்ள ஜோடிகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்து மறுபடி ஓட்டலாம். எல்லா நாளும் அந்த எண்ணைத் தொட முடியாது. 60 பெட்டி கேட்கும் மூன்று பேர் என்றால் 180 தான், ஆனாலும் மூன்று வண்டி வேண்டும்.

தூரம் எங்கிருந்து வருகிறது என்பதையும் கவனியுங்கள். வரைபடத்தில் நேர்கோடு போட்டு அளந்தால், ஆற்றின் இரு கரையில் இருப்பவர்கள் பக்கத்துப் பக்கத்தில் தெரிவார்கள். இடைத்தூரம் குறைவாகத் தெரிந்தால் சேமிப்பு பெரிதாகத் தெரியும். எனவே எந்த ஜோடியின் தூரம் மிக மோசமாகத் தவறியிருக்கிறதோ, அதையே இந்த முறை முதலில் பிடித்துக்கொள்ளும். நேர்கோட்டுத் தூரத்தை 1.3 ஆல் பெருக்கிச் சரிக்கட்டுவதில் பயனில்லை. எல்லாச் சேமிப்பும் அதே விகிதத்தில் பெருகும், பட்டியலின் வரிசை அப்படியே இருக்கும். சாலைத் தூரமோ பயண நேரமோதான் வேண்டும்.

ஒருவழிச் சாலைகள் இருந்தால் போகிற தூரமும் வருகிற தூரமும் வேறுபடும். அப்போது முதல்வரிடமிருந்து குடோனுக்கு வருவதையும், குடோனிலிருந்து இரண்டாமவருக்குப் போவதையும் கூட்டி, முதல்வரிடமிருந்து இரண்டாமவருக்குப் போவதைக் கழிக்க வேண்டும். க–ச வேறு, ச–க வேறு. இரண்டையும் பட்டியலில் தனித்தனியே போட வேண்டும்.

இதே சிக்கல் நேரக்கெடு உள்ள ஆர்டர்களிலும் வரும். முனைகளை ஒட்டவைக்கச் சில சமயம் ஒரு பாதையைத் தலைகீழாகத் திருப்ப நேரும். ஒருவழிச் சாலை இல்லையென்றால் தூரம் மாறாது. ஆனால் காலை பத்து மணிக்குள் சரக்கு கேட்டவர் கடைசிக்குப் போய்விடுவார். நேரக்கெடு இருந்தால், ஒவ்வொரு சேர்க்கைக்கும் பிறகு அந்தப் பாதையின் எல்லா நிறுத்தங்களுக்கும் போய்ச்சேரும் நேரத்தைத் திரும்பக் கணக்கிட வேண்டும். சரக்கு இறக்க ஆகும் நிமிடங்களும் அதில் வர வேண்டும்.