கல்யாண பட்ஜெட்டை இலைக் கணக்கில் தொடங்குங்கள்: பி.எஃப். பணத்தைத் தொடாமல், வட்டிக்கு வாங்காமல்

பெரும்பாலான வீடுகளில் மண்டபம்தான் முதலில் முடிவாகிறது. அட்வான்ஸ் கொடுத்த பிறகுதான் மொத்தச் செலவைக் கூட்டிப் பார்க்கிறார்கள். அந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும்.

1. முதலில் உச்சவரம்பு

ஒரு மாதிரிக் கணக்கு. அப்பாவுக்கு 52 வயது, மகள் கல்யாணத்துக்கு இன்னும் 18 மாதம். வங்கி டெபாசிட்டில் 4 லட்சம் இருக்கிறது. மாதம் 20,000 ரூபாய் ஆர்.டி. போட்டால் 3.6 லட்சம் சேரும். ஆக மொத்தம் 7.6 லட்சம். இதில் கடைசி நேரச் செலவுக்கென்று 60,000 ஒதுக்கிவிட்டால் பட்ஜெட் 7 லட்சம். நகை ஏற்கெனவே சேர்த்து வைத்திருக்கிறார்கள், தாலி மாப்பிள்ளை வீட்டார் பொறுப்பு.

பி.எஃப். பணத்தை இந்தக் கூட்டலில் எழுதவே கூடாது. மொய்யையும்தான். பழைய மொய் நோட்டைப் புரட்டினால் யாருக்கு எவ்வளவு செய்தோம் என்று தெரியும். வருவதில் அது போக மிச்சமெல்லாம் நாம் திருப்பிச் செய்ய வேண்டிய கடன்.

2. பத்திரிகை அல்ல, இலை

‘300 பத்திரிகை’ என்பது கணக்கே இல்லை. ஒரு பத்திரிகைக்கு ஒருவரும் வரலாம், ஐந்து பேரும் வரலாம். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் மூன்று கட்டம் போடுங்கள்: முதல் நாள் இரவு, காலை டிபன், முகூர்த்தச் சாப்பாடு. எந்த வேளைக்கு எத்தனை பேர் என்று தனித்தனியாக எழுதுங்கள்.

நம் மாதிரி வீட்டின் முதல் பட்டியலில் இரவு 600, காலை 350, மதியம் 450 இலை வந்தது. இரவுக்கும் மதியத்துக்கும் இலைக்கு 250, டிபனுக்கு 130 என்று வைத்தால் 3,08,000 ரூபாய். பட்டியலைச் சுருக்கி 400, 200, 300 ஆக்கியதும் 2,01,000. கூட்டம் குறைந்ததால் சின்ன மண்டபம் போதும், அதில் இன்னொரு 40,000 மிச்சம்.

சுருக்கிய கணக்கு இப்படி நிற்கிறது: சாப்பாடு 2.01 லட்சம், மண்டபம் 1.4, ஜவுளி 1.2, மேளம், அலங்காரம், போட்டோ, ஐயர் எல்லாம் சேர்த்து 1.2, சீர்ப் பாத்திரம், பீரோ 80,000, பத்திரிகையும் வண்டியும் 35,000. கூட்டினால் 6.96 லட்சம். பழைய பட்டியலாக இருந்தால் 8.43 லட்சம் ஆகியிருக்கும்.

3. மண்டபத்தில் கேட்க வேண்டியது

சொல்லும் வாடகை மட்டும் வாடகை அல்ல. கரண்ட் மீட்டர்படியா, ஜெனரேட்டர் டீசல் யார் பொறுப்பு, கிளீனிங், பாத்திரம், ஜி.எஸ்.டி. தனியா என்று கேட்டு, ரசீதின் பின்புறமாவது எழுதி வாங்குங்கள். மேலே சொன்ன 1.4 லட்சம் இவை எல்லாம் சேர்ந்த தொகை.

4. துண்டு விழுந்தால்

பழைய பட்டியலை மாற்ற மனம் வராதவர்களுக்கு ஏறக்குறைய 1.5 லட்சம் துண்டு விழும். அதை எங்கே எடுத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள்.

தெரிந்தவரிடம் ‘மூணு வட்டி’ என்றால் நூறுக்கு மாதம் மூன்று ரூபாய், அதாவது ஆண்டுக்கு 36 சதவீதம். மாதம் 4,500 கட்டிக்கொண்டே இருப்பீர்கள், அசல் அப்படியே நிற்கும். ‘வெறும் 12 சதவீதம், ஃபிளாட்’ என்று தருகிற மூன்று வருடக் கடனில் மாதத் தவணை 5,667. அசல் குறையக் குறைய வட்டி குறையாததால் உண்மையான வட்டி 21 சதவீதத்துக்கு மேல் போகிறது. ‘ஃபிளாட்டா, குறையும் நிலுவைக்கா?’ என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

பி.எஃப். பணம் வட்டியில்லாதது போலத் தோன்றும். கல்யாணத்துக்காக அதில் எடுப்பது திருப்பிக் கட்டும் கடன் அல்ல, எடுத்தது எடுத்ததுதான். 2024-25க்கு அறிவித்த 8.25 சதவீதமே தொடர்ந்தால், 52 வயதில் எடுக்கும் 1.5 லட்சம் 58 வயதில் 2.4 லட்சமாக இருந்திருக்கும். வேறு வழியே இல்லையென்றால் அம்மாவின் நகையை வங்கியில் அடகு வைப்பது இவற்றைவிட மேல். எத்தனை மாதத்தில் மீட்பது என்று அன்றே முடிவு செய்துவிட வேண்டும்.

5. பந்தியில் எண்ணும் ஆள்

பட்ஜெட் கடைசியாக உடைவது சமையல்காரருக்குப் பாக்கி தரும்போது. 400 இலை சொன்ன இடத்தில் ‘470 ஓடிச்சு சார்’ என்பார், மறுக்க நம்மிடம் ஆதாரம் இருக்காது. பேசும்போதே குறைந்தபட்ச உத்தரவாதம் 350 என்று வையுங்கள். அதற்கு மேல் ஓடிய இலைக்கு மட்டும் கூடுதல். கட்டுப் பிரிக்கும் முன் மொத்த இலையை எண்ணி, முடிந்ததும் மிச்சத்தை எண்ணிக் கழியுங்கள். கிழிந்து ஒதுக்கிய இலையைத் தனியே வைக்கச் சொல்லுங்கள், சண்டை பெரும்பாலும் அதில்தான் வரும். பந்திக்குப் பந்தி எத்தனை பேர் உட்கார்ந்தார்கள் என்று குறிக்க, மேடைக்குப் போக வேண்டிய அவசியம் இல்லாத ஒரு சித்தப்பாவை நோட்டோடு நிறுத்துங்கள்.