லீசிங் கம்பனியின் முறைப்பாட்டு அதிகாரியைத் தேடிப் பிடிப்பது எப்படி: கூகிளில் அல்ல, கம்பனியின் ஆவணங்களில்

லீசிங் காசு முழுக்கக் கட்டி முடிந்தும் வாகனத்தின் உரிமைப் பத்திரத்திலிருந்து கம்பனியின் பெயரை நீக்கும் கடிதம் வரவில்லை என்றால், நம்மவர்கள் முதலில் செய்வது கம்பனியின் பெயரோடு 'கஸ்டமர் கேர்' என்று சேர்த்துக் கூகிளில் தட்டுவதுதான். அங்கே முதலில் வருவது பல நேரம் கம்பனியின் இலக்கமே அல்ல. விளம்பரத்துக்குக் காசு கட்டி யாரும் மேலே வரலாம். மெப்பில் இருக்கும் கடை விபரத்தை வெளியாட்களும் திருத்தக் கேட்கலாம். உப்புவெளியில் ஓட்டோ ஓடும் ஒரு தம்பி அப்படிக் கிடைத்த 07 இலக்கத்துக்கு எடுத்தபோது, மறுபக்கத்தில் இருந்தவர் அவரது போனுக்கு வந்த ஓடீபீயைச் சொல்லச் சொன்னார். தம்பி உடனே வைத்துவிட்டு என்னிடம் வந்தார். "அண்ணா, உண்மையான இலக்கம் எங்கதான் இருக்கு?"

அன்று இரண்டு பேரும் சேர்ந்து தேடிய வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். நிதிக் கம்பனிகளை வைத்துச் சொல்கிறேன், ஏனென்றால் திருகோணமலையில் அதிகம் அடிபடும் பிரச்சினை இதுதான்.

படி 1: கம்பனியின் முழுப் பெயர்

பெயர்ப்பலகையில் இருப்பது வியாபாரப் பெயர். நமக்குத் தேவை சட்டப் பெயர். லீசிங் ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தையோ பணம் கட்டிய பற்றுச்சீட்டையோ எடுத்துப் பாருங்கள். பெயரின் முடிவில் PLC அல்லது Limited என்று இருக்கும். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி பதிவு இலக்கமும் கம்பனியின் கடிதங்களிலும் சீட்டுகளிலும் அச்சாகியிருக்க வேண்டும். PV என்று தொடங்கினால் தனியார் கம்பனி. PB என்றால் பொதுக் கம்பனி, PQ என்றால் பங்குச் சந்தையில் பட்டியலிட்ட பொதுக் கம்பனி. பெயரை எழுத்துப் பிசகாமல் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே குழுமத்தில் 'பினான்ஸ்', 'லீசிங்', 'கிரெடிட்' என்று கிட்டத்தட்ட ஒரே பெயரில் சில கம்பனிகள் இருக்கக்கூடும். தவறான கம்பனிக்குப் போன கடிதத்துக்குப் பதில் வராது.

படி 2: மத்திய வங்கியின் பட்டியல்

`cbsl.gov.lk` என்று முகவரிப் பட்டியில் நீங்களே தட்டுங்கள். அங்கே உரிமம் பெற்ற நிதிக் கம்பனிகளின் பட்டியல் இருக்கிறது. உங்கள் தாளில் உள்ள பெயர் அதில் இருந்தால் அடுத்த படிக்குப் போகலாம். இல்லாவிட்டால் இரண்டு காரணங்கள் இருக்கலாம். கம்பனி வேறொன்றுடன் இணைந்து பெயர் மாறியிருக்கும், அல்லது அது நிதிக் கம்பனியே அல்ல. எதுவென்று பார்க்க `eroc.drc.gov.lk` போய்ப் பெயரைத் தேடுங்கள். அது கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தின் தளம். தேடுவதற்குக் காசு இல்லை. கோப்பில் உள்ள ஆவணங்களின் பிரதி வேண்டுமென்றால் கட்டணம் உண்டு. பதிவு அலுவலகம் மாறியிருந்தால் அது படிவம் 13இல் இருக்கும், பணிப்பாளரோ செயலாளரோ மாறியிருந்தால் படிவம் 20இல்.

படி 3: ஆண்டறிக்கையின் ஒரு பக்கம்

வேலையின் முக்கால்வாசி இங்கேதான் முடியும், அவசரப்படாதீர்கள்.

நமது நிதிக் கம்பனிகளில் பெரும்பாலானவை கொழும்புப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டவை. அவை நிதியாண்டு முடிந்து ஐந்து மாதத்துக்குள் ஆண்டறிக்கையைச் சந்தைக்குக் கொடுக்க வேண்டும். மார்ச் 31இல் ஆண்டு முடிந்தால், ஓகஸ்ட் முடிவதற்குள் புது அறிக்கை வந்துவிடும். `cse.lk` போய்க் கம்பனியின் பெயரைத் தட்டி, அதன் பக்கத்தில் Financials என்பதன் கீழ் உள்ள ஆண்டறிக்கைகளில் ஆகப் புதியதை இறக்குங்கள்.

கோப்பு நூற்றுக்கணக்கான பக்கம் வரும், முழுதும் வாசிக்கத் தேவையில்லை. போனில் பிடிஎப்பைத் திறந்து, தேடும் இடத்தில் `Corporate Information` என்று தட்டுங்கள். பெரும்பாலும் கடைசிப் பக்கங்களில் அல்லது பின் அட்டையின் உட்பக்கத்தில் இருக்கும். பதிவு இலக்கம், பதிவு அலுவலக முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல், இணையத்தளம், செயலாளர், கணக்காய்வாளர் எல்லாம் அந்தப் பக்கத்தில் வரிசையாக இருக்கும். முதலில் பதிவு இலக்கத்தை உங்கள் பற்றுச்சீட்டோடு ஒப்பிடுங்கள். ஒத்துப் போனால்தான் மற்றதை நம்பலாம்.

தம்பி இந்தப் பக்கத்தில் முதலில் விரல் வைத்தது Registrars என்ற பெயருக்குக் கீழே இருந்த இலக்கத்தில். அது பங்குப் பதிவாளரின் இலக்கம், பங்கு வாங்கியவர்களுக்கானது. லீசிங் பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. செயலாளர் இடத்திலும் சில வேளை வெளி நிறுவனம் ஒன்றின் பெயரும் வேறு முகவரியும் இருக்கும். நமக்கு வேண்டியவை பதிவு அலுவலகத்தின் 011 இலக்கமும் இணையத்தள முகவரியும்தான். பிறகு அதே கோப்பில் `complaint` என்றும் `grievance` என்றும் தேடிப் பாருங்கள். வாடிக்கையாளர் பற்றிய பகுதியில் முறைப்பாட்டுப் பிரிவின் இலக்கத்தைத் தனியாகப் போடும் கம்பனிகளும் உண்டு.

படி 4: அறிக்கையிலிருந்து அதிகாரிக்கு

அறிக்கையில் கண்ட இணையத்தள முகவரியை எழுத்துக்கு எழுத்து தட்டுங்கள். 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளின்படி, நிதிச் சேவை வழங்கும் நிறுவனம் முறைப்பாடுகளைக் கையாள ஒரு முறை வைத்திருக்க வேண்டும். தளத்தின் அடியில் Complaints என்றோ Customer Charter என்றோ இருப்பதைத் திறந்து பாருங்கள்.

அங்கே கிடைக்கும் மின்னஞ்சலில் @ குறிக்குப் பின்னால் இருப்பது அறிக்கையில் உள்ள தளத்தின் பெயரோடு ஒத்துப் போக வேண்டும். ஜீமெயில் முகவரி இருந்தால் அதற்கு எதையும் அனுப்பாதீர்கள். பிறகு 011 இலக்கத்துக்கு எடுத்து, "முறைப்பாட்டுக்குப் பொறுப்பான அதிகாரி யார், அவருடைய நேரடி இலக்கம் என்ன?" என்று கேளுங்கள். ஆண்டறிக்கை அந்த ஆண்டு முடிவின் நிலவரம், அதன் பிறகு ஆள் மாறியிருக்கலாம். ஆகவே கடிதத்தை ஆளின் பெயருக்கு மட்டும் எழுதாமல் பதவிக்கு எழுதுங்கள்.

தம்பியின் கடிதம் அரைப் பக்கம்தான். ஒப்பந்த இலக்கம், வாகன இலக்கம், கடைசித் தவணை கட்டிய திகதி, அந்தப் பற்றுச்சீட்டின் பிரதி, கம்பனியின் பெயரை நீக்கும் கடிதம் இன்னும் தரப்படவில்லை என்ற ஒரு வரி. மேலே 'முறைப்பாடுகளுக்குப் பொறுப்பான அதிகாரி', கீழே 'பிரதி: கம்பனிச் செயலாளர்'. பதிவு அலுவலக முகவரிக்குப் பதிவுத் தபாலில் போட்டார். கிளைக்குக் கொடுப்பதைவிட இது உறுதியானது, ஏனென்றால் சட்டப்படி கம்பனிக்கு ஆவணம் சேர்ப்பிக்கும் இடம் அதுதான். தபால் கந்தோரில் தந்த துண்டை ஒப்பந்தத்தோடு சேர்த்துப் பின் அடித்து வையுங்கள்.

பதில் வராவிட்டால்

மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் தொடர்புகள் திணைக்களத்துக்கு 1935 என்ற இலக்கத்தில் பேசலாம். எழுதுவதானால், இல. 30, ஜனாதிபதி மாவத்தை, கொழும்பு 01. 'முதலில் கம்பனியிடம் எழுத்தில் கேட்டீர்களா?' என்றுதான் அவர்கள் தொடங்குவார்கள். கடிதத்தின் பிரதி, தபால் துண்டு, கம்பனி தந்த முறைப்பாட்டு இலக்கம் மூன்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எடுங்கள்.