ஓட்டு வீட்டுச் சீலிங்குக்குள் எலி கடித்த வயர்: கண்டுபிடித்து, மாற்றி, காப்பது எப்படி?

மாரி தொடங்கியதும் வீட்டு ட்ரிப் சுவிட்ச் காரணமில்லாமல் விழத் தொடங்கினால், யாழ்ப்பாணத்து ஓட்டு வீடுகளில் முதலில் சந்தேகிக்க வேண்டிய இடம் சீலிங்குக்கு மேலே உள்ள வெளிதான். கைமரத்தோடும் பனஞ்சிலாகையோடும் ஒட்டி ஓடும் பழைய வயர்களை எலியோ அணிலோ கடித்திருக்கும். வெயில் காலத்தில் அந்தக் காயம் உலர்ந்து கிடக்கும், ஒன்றும் தெரியாது. ஐப்பசி, கார்த்திகையில் ஓட்டுக்குள் ஈரம் ஏறும்போதுதான் கசிவு தொடங்கும்.

இந்தப் பதிவு வயரிங் தெரியாதவர்களுக்கு. எதை நீங்களே பார்க்கலாம், எந்த இடத்தில் நிறுத்திவிட்டு எலக்ட்ரீசியனைக் கூப்பிட வேண்டும் என்று பிரித்தே எழுதுகிறேன். அந்த எல்லையைத் தாண்டாதீர்கள். நம் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட்.

கடிபட்ட வயருக்குள் என்ன நடக்கிறது?

எலிக்கும் அணிலுக்கும் முன்பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். எதையாவது கொறித்துத் தேய்த்தால்தான் அவற்றால் சாப்பிட முடியும். வயரின் மேலுள்ள பிளாஸ்டிக் உறை அதற்கு அளவான கடினத்தில் இருக்கிறது, வேறு காரணம் தேவையில்லை.

கடித்த இடத்தைப் பொறுத்து விளைவு மாறும். லைவும் நியூட்ரலும் ஒன்றையொன்று தொட்டால் ஒரே வெடிச்சத்தம், அந்தச் சுற்றின் பிரேக்கர் உடனே விழும். பயமாக இருந்தாலும் இதுதான் எளிதில் பிடிபடும் பழுது. வயரிலிருந்து எர்த்துக்கோ ஈரமான சுவருக்கோ கசிந்தால் ட்ரிப் சுவிட்ச் விழும். வீடுகளில் பொதுவாக இருப்பது 30 மில்லிஅம்பியர் ட்ரிப். அதற்குக் கீழே உள்ள கசிவை அது விட்டுவிடலாம்.

மூன்றாவது வகைதான் வீட்டை எரிக்கக் கூடியது. செம்புக் கம்பி முழுதாக அறாமல், பாதி அறுந்து நுனி மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும். அந்தச் சிறு இடைவெளியில் பொறி பறக்கும். ஓடும் கரண்ட் வழமையான அளவுதான் என்பதால் பிரேக்கருக்குத் தெரியாது. எர்த்துக்குக் கசியாததால் ட்ரிப் சுவிட்சுக்கும் தெரியாது. இரண்டும் சரியாக வேலை செய்தும் வயர் எரிந்துகொண்டிருக்கும். பக்கத்தில் அணில் கொண்டுவந்து சேர்த்த தும்பும் பஞ்சும் இருந்தால் அங்கேயே தீப்பிடிக்கும்.

ஆகவே இதற்கு உங்கள் கண்ணும் மூக்கும் காதும்தான் காவல். ஓர் அறையின் பல்ப் மட்டும் துடிப்பது, அயர்ன் போட்டால் மேலே 'சிர்' என்று சத்தம் வருவது, மீன் கருகுவது போன்ற நெடி. இவற்றில் ஒன்று இருந்தாலும் மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள். காலையில் பார்க்கலாம் என்று படுக்காதீர்கள்.

படி 1: ட்ரிப் சுவிட்ச் சொல்வதைக் கவனியுங்கள்

பிளக்குகளை எல்லாம் கழற்றுங்கள். போர்டில் உள்ள பிரேக்கர்களை எல்லாம் கீழே இறக்கிவிட்டு ட்ரிப் சுவிட்சை ஏற்றுங்கள். அது நின்றால் பிரேக்கர்களை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டு வாருங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்தச் சுற்றின் லைவ் வயரில் கசிவு. அதை இறக்கி வைத்துவிட்டு மற்றவற்றைப் பாவிக்கலாம்.

இதுவரை பலருக்கும் தெரியும். ஆனால் எலி கடித்த வீடுகளில் இந்த முறை அடிக்கடி ஏமாற்றிவிடும். சாதாரண ஒற்றைப் பிரேக்கர் லைவ் வயரை மட்டும்தான் துண்டிக்கும். நியூட்ரல் வயர்கள் எல்லாம் ஒரே கட்டையில் சேர்ந்து எப்போதும் இணைந்தே இருக்கும். எலி நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்துக் கடித்திருந்தால், அந்தச் சுற்றின் பிரேக்கரை இறக்கினாலும் பழுது விலகாது.

கொக்குவில் பக்கம் ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மழை நாட்களில் தண்ணி மோட்டரைப் போட்டால் ட்ரிப் விழும். "மோட்டர் பழுதாப் போச்சு அண்ணை, கழட்டிக் கொண்டுபோய்க் காட்டுங்கோ" என்று பக்கத்து வீட்டார் சொல்ல, மோட்டரைக் கழற்றிச் சுற்றுக்கட்டும் இடத்தில் சோதித்தார்கள். மோட்டரில் ஒரு குறையும் இல்லை. திரும்பப் பூட்டினால் பழையபடி விழுந்தது. மழை விட்ட நாளில் ஓடியது.

பழுது இருந்தது மோட்டரில் அல்ல, நடு அறையின் லைட் சுற்றில். அங்கே எலி கடித்த இடத்தில் ஈரம் ஏறியதும் நியூட்ரலும் எர்த்தும் இணைந்துகொண்டன. மோட்டர் ஓடும்போது வீட்டின் நியூட்ரலில் ஓரிரு வோல்ட் ஏறும். அந்தச் சிறிய அழுத்தமே போதும், திரும்பிப்போகும் கரண்டில் ஒரு பங்கு கடிபட்ட இடத்தால் எர்த்துக்கு வழிந்துவிடும். போன கரண்டும் வந்த கரண்டும் சமன் இல்லை என்று கண்டு ட்ரிப் விழுகிறது. லைட் பிரேக்கரை இறக்கி வைத்தாலும் இதேதான் நடக்கும். அடுப்பு, அயர்ன் என்று கரண்ட் கூட இழுக்கும் எதைப் போட்டாலும் விழுந்தால், இந்தப் பழுதை நினையுங்கள்.

அதை உறுதிப்படுத்துவது எலக்ட்ரீசியனின் வேலை. மெயினை நிறுத்தி, சந்தேகப்படும் சுற்றின் லைவையும் நியூட்ரலையும் போர்டிலிருந்து கழற்றி, பல்புகளையும் எடுத்துவிட்டு, மெகர் என்ற கருவியால் 500 வோல்ட் கொடுத்து அளப்பார். வயருக்கும் எர்த்துக்கும் இடையில் 1 மெகாஓமுக்குக் கீழே காட்டினால் அந்த வயரைப் பாவிக்கக் கூடாது. நல்ல வயர் இதைவிடப் பல மடங்கு காட்டும். அந்த வீட்டில் லைவ் நன்றாகவே காட்டியது, நியூட்ரலில் முள் எழும்பவே இல்லை. கையில் மெகர் இல்லாமல் வருபவரிடம், கொண்டுவரச் சொல்லிக் கேளுங்கள். சாதாரண மீற்றர் சில வோல்ட்டில்தான் அளக்கும், ஈரக் கசிவு அதற்குப் பிடிபடாமல் போகலாம்.

படி 2: மெயினை நிறுத்திவிட்டு மேலே பாருங்கள்

மெயின் சுவிட்ச் நிற்காமல் சீலிங்குக்குள் தலையைக்கூட விடாதீர்கள். டோர்ச் லைட், கையுறை, முகக்கவசம் எடுத்துக்கொள்ளுங்கள். 2024 டிசம்பரில் இங்கே எலிக்காய்ச்சல் பரவி உயிர்கள் போனது எல்லாருக்கும் நினைவிருக்கும். எலி மூத்திரம் பட்ட இடத்தை வெறுங்கையால் தொட வேண்டாம், எச்சத்தை உலர்ந்தபடி கூட்டவும் வேண்டாம். கால் வைப்பது மரத்தில் மட்டும். சீலிங் சீற் ஆளைத் தாங்காது.

வயர் முழுவதையும் தேட வேண்டியதில்லை. எலி திறந்த வெளியில் நடக்காது, சுவர் ஓரமாகவும் கூரை வளைமரத்தின் மேலாகவும் ஒரே பாதையில் போய்வரும். அந்தப் பாதையில் எண்ணெய் பிரண்டதுபோல் கறுத்த தடமும் எச்சமும் இருக்கும். வயர் அந்தத் தடத்தைக் கடக்கும் இடங்களையும், சுவருக்குள் இறங்கும் துவாரத்தையும் முதலில் பாருங்கள். கொக்குவில் வீட்டில் காயம் இருந்தது சுவர்த்தலைப்பும் வளையும் சேரும் மூலையில். உறை ஒரு விரல் நீளத்துக்குப் பக்கவாட்டில் செதுக்கப்பட்டு, ஓரங்களில் சோடி சோடியாகப் பல் தடம், நடுவில் செம்பு பச்சை பிடித்துத் தெரிந்தது. உறை கறுத்து மினுங்கினால் அங்கே பொறி பறந்திருக்கிறது என்று அர்த்தம்.

கண்டதைப் படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுங்கள். தொட்டு அசைக்க வேண்டாம்.

படி 3: டேப் சுற்றாதீர்கள், மாற்றுங்கள்

கறுப்பு டேப் சுற்றிவிட்டுப் போகிறவரை விட்டுவிடாதீர்கள். சீலிங் வெக்கையில் அதன் பசை இளகிக் கழன்றுவிடும், எலிக்கு அது ஒரு தடையும் அல்ல. உள்ளே பாதி அறுந்த கம்பி அப்படியே இருக்கும். சரியான வேலை, இரண்டு பெட்டிகளுக்கு இடைப்பட்ட அந்த வயரை முழுதாக மாற்றுவது. முடியாவிட்டால் கடிபட்ட துண்டை வெட்டி எடுத்து, மூடியுள்ள ஜங்ஷன் பெட்டிக்குள் கனெக்டர் போட்டுப் புதுத் துண்டை இணைக்க வேண்டும். இருந்த அளவே வேண்டும்: லைட்டுக்கு வழமையாக 1/1.13, பிளக்குக்கு 7/0.67. வேலை முடிந்ததும் மெகரால் மறுபடி அளந்து காட்டச் சொல்லுங்கள்.

படி 4: வயரை மறைப்பது

பிளாஸ்டிக் குழாயை எலியால் கடிக்க முடியும். ஆனால் உருண்டையான, அழுத்தமான குழாயில் பல் பதிக்க ஓரம் கிடைப்பது கடினம். அது தொடங்குவது குழாயின் வாயிலும் மூட்டிலும்தான். அதனால் குழாய் போட்டுவிட்டு வாயைத் திறந்து விடுவது அரை வேலை. ஒவ்வொரு குழாயும் ஒரு பெட்டிக்குள் போய் முடிய வேண்டும். எலித்தடம் கடக்கும் இடங்களிலும் சுவருக்குள் இறங்கும் இடத்திலும் இரும்புக் குழாய் போடுங்கள். வாயில் பிளாஸ்டிக் புஷ் வைக்காவிட்டால் இரும்பின் விளிம்பே வயரை அறுத்துவிடும். இரும்புக் குழாயை எர்த்தோடு இணைப்பதும் கட்டாயம்.

படி 5: வழியை அடைப்பது

அடைப்பதற்கு முன் உள்ளே எதுவும் இல்லை என்று தெரிய வேண்டும். துவாரத்தில் கடதாசியைச் சுருட்டி லேசாகச் செருகுங்கள். மூன்று நாள் அசையாமல் இருந்தால் அடைக்கலாம். பகலில் மேலே ஓட்டச் சத்தம் கேட்டால் அணில், இரவில் கேட்டால் எலி. அணில் கூட்டில் குஞ்சு இருந்தால் அவை வெளியேறும்வரை பொறுத்திருங்கள். உள்ளே அடைபட்டால் தாய் வெளியேயிருந்து புதுத் துவாரம் போடும்.

ஒரு விரல் போகும் ஓட்டை எலிக்குப் போதும். தாழ்வார ஓட்டின் அடியில் உள்ள இடைவெளிகளுக்கு 6 மில்லிமீற்றர் கண்ணுள்ள இரும்பு வலையை ஆணி அடித்துப் பிடியுங்கள். சிறிய துவாரங்களுக்குப் பாத்திரம் தேய்க்கும் கம்பிப் பஞ்சைத் திணித்து மேலே சீமெந்து பூசுங்கள். கூரையை முட்டும் மாங்கொப்பு, முருங்கைக் கொப்புகளை ஆறடி தள்ளி வெட்டுங்கள். மின்கம்பத்திலிருந்து வரும் வயரை முட்டும் கொப்பை நீங்கள் வெட்ட வேண்டாம், மின் விநியோக அலுவலகத்துக்கு அறிவியுங்கள். பரணில் விதை வெங்காயப் பிடி, ஒடியல், நெல் மூட்டை வைக்கும் வீடுகளில் அவை அங்கே இருக்கும்வரை எலி வந்துகொண்டேதான் இருக்கும். ஒடியலை இறுக்கி மூடும் தகர வாளிக்குள் போடுங்கள்.

நச்சு மருந்தை நான் சொல்ல மாட்டேன். எலி சீலிங்குக்குள் செத்துக் கிடந்து நாறும், அதைத் தின்ற பூனையும் ஆந்தையும் சாகும். தடத்தின் ஓரமாகச் சுவரை ஒட்டி வைத்த அடிபொறி போதும்.

கூரையில் சோலார் பனல் உள்ளவர்கள் ஒன்றை மனதில் வைத்திருங்கள். பனலுக்கும் இன்வேட்டருக்கும் இடையில் ஓடுவது நேர்மின்னோட்டம். வெயில் இருக்கும்வரை மெயினை நிறுத்தினாலும் பனல் வயரில் மின்சாரம் இருக்கும். அதில் பறக்கும் பொறி வீட்டு மின்சாரப் பொறிபோல் தானாக அணையாது. பனலின் அடியில் அணில் கூடு கட்டினால் அல்லது இன்வேட்டர் கசிவு எச்சரிக்கை காட்டினால், நீங்கள் ஏறாமல் பனல் பூட்டிய ஆட்களையே கூப்பிட்டுப் பனலைச் சுற்றி வலை அடிக்கச் சொல்லுங்கள்.