பழைய கறுப்பு வெள்ளைப் படத்தில் வண்ணப் படத்து ஆளைச் சேர்க்கும்போது

பழைய குடும்பப் படம் ஒன்றில், அன்று அங்கே இல்லாத ஒருவரை அண்மையில் எடுத்த வண்ணப் படத்திலிருந்து வெட்டிச் சேர்ப்பது என் வேலையில் அடிக்கடி வருவது. இப்போது என்னிடம் கற்றுக்கொள்ள வந்திருக்கும் இருவரும் சென்ற வாரம் ஆளுக்கொரு படம் செய்து காட்டினார்கள். இரண்டிலும், பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே பிழைகள், ஏறக்குறைய அதே வரிசையில் இருந்தன. நிழல் எதிர்ப்பக்கம் விழுவது, ஆள் அளவில் பெரிதாகிப்போவது போன்றவை எவர் கண்ணிலும் படும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

நிறத்தை நீக்கினால் போதும் என்று நினைப்பது

இந்தப் பிழைக்காக ஒரு பெரிய அச்சையும் அதன் சட்டத்தையும் என் கைக்காசில் மறுபடி செய்து கொடுத்திருக்கிறேன். இன்றும் இதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது.

படம் 1930களில் எடுத்தது. ஒரு வீட்டு வாசலில் ஏழெட்டுப் பேர் நிற்கிறார்கள். அதில் ஒரு பேரனைச் சேர்க்க வேண்டும். பேரனின் வண்ணப் படத்தில் செங்கல் சிவப்பில் ஒரு ஸ்வெட்டர், கழுத்தில் நீலத் துண்டு. வெட்டி எடுத்து, ஃபோட்டோஷாப்பில் நிறத்தை நீக்கும் `Desaturate` கொடுத்து, ஒளியளவைக் கொஞ்சம் சரிசெய்து பொருத்தினேன். திரையில் நன்றாகவே இருந்தது. அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். படத்தில் முன்வரிசையில் ஏழு வயதுச் சிறுமியாக நிற்பவர் இப்போது மூதாட்டி. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: “தம்பி, அன்று என் தலையில் கட்டியிருந்ததும் இந்த ஸ்வெட்டர் மாதிரிச் சிவப்பு ரிப்பன்தான். அது கறுப்பாக இருக்கிறது. இவனுடைய ஸ்வெட்டர் மட்டும் ஏன் வெளுத்துக் கிடக்கிறது?”

எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து தேடிய பிறகுதான் புரிந்தது. அந்தக் காலத்தில் வீட்டுக் கேமராக்களில் போட்ட ஃபிலிம்களில் பல ஆர்த்தோகுரோமாட்டிக் வகையைச் சேர்ந்தவை. நீலத்தையும் பச்சையையும் அவை உணரும். சிவப்பு அவற்றின் கண்ணுக்கு இருட்டு. அதனால்தான் அந்தப் படங்களில் வானம் வெறும் வெள்ளையாகிவிடுகிறது, உதடுகள் மை பூசியதுபோல் கறுக்கின்றன, முகத்தின் புள்ளிகளும் சிவந்த திட்டுகளும் எடுப்பாகத் தெரிகின்றன. எல்லா நிறங்களையும் உணரும் பான்குரோமாட்டிக் வகை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. ஆனாலும் கோடாக் நிறுவனம் 1931இல் வெளியிட்ட வெரிகுரோம் என்ற வீட்டு ஃபிலிம் ஆர்த்தோ வகைதான். அதன் இடத்தில் வெரிகுரோம் பான் வந்தது 1956இல். ஆகவே ஆண்டை மட்டும் வைத்து முடிவுசெய்யாதீர்கள். வானத்தையும் உதட்டையும் பாருங்கள். வானில் மேகம் தெரிந்து, உதட்டுக்கும் கன்னத்துக்கும் வேறுபாடு மென்மையாக இருந்தால் பான் வகையாக இருக்கலாம். அப்படிப்பட்ட படத்துக்குக் கீழே சொல்லும் கணக்கு பொருந்தாது.

என் படத்தில் என்ன நடந்தது என்பதை எண்களில் சொன்னால்தான் விளங்கும். 0 என்றால் முழு இருட்டு, 255 என்றால் முழு வெளிச்சம் என்ற அளவில், ஸ்வெட்டரின் நிறம் சிவப்பு 170, பச்சை 45, நீலம் 40. துண்டின் நிறம் சிவப்பு 60, பச்சை 90, நீலம் 170. `Desaturate` செய்வது மிக எளிய கணக்கு: மூன்றில் பெரியதையும் சிறியதையும் கூட்டி இரண்டால் வகுக்கிறது. ஸ்வெட்டர் 105 ஆகிறது, துண்டு 115 ஆகிறது. ஒன்று சிவப்பு, மற்றொன்று நீலம்; இரண்டும் ஏறத்தாழ ஒரே சாம்பலாகிவிட்டன. நிறங்களைக் கண் உணரும் விகிதத்தில் கலந்து சாம்பலாக்கினாலும் ஸ்வெட்டர் 71, துண்டு 89 என்றுதான் வரும். பான் படத்துக்கு அது ஓரளவு ஒத்துப்போகும், ஆர்த்தோ படத்துக்கு ஒத்துப்போகாது.

செய்திருக்க வேண்டியது `Channel Mixer` திறந்து, `Monochrome` குறித்து, சிவப்பு 0, பச்சை 40, நீலம் 60 என்று வைப்பது. கூட்டுத்தொகை 100 இருந்தால் வெள்ளை வெள்ளையாகவே நிற்கும். இப்போது ஸ்வெட்டர் 42, துண்டு 138. ஒன்று கறுப்பை நெருங்குகிறது, மற்றது நடுச்சாம்பலைத் தாண்டி வெளுக்கிறது. முகத்திலும் இதே மாற்றம் நடக்கிறது. அவன் கன்னம் 190, 140, 115. உதடு 170, 90, 90. எளிய வழியில் இரண்டுக்கும் இடையே 22 அளவுதான் வேறுபாடு. இந்த வழியில் கன்னம் 125, உதடு 90 என 35 ஆகிறது. சுற்றி நிற்கும் மற்றவர்களின் கறுத்த உதடுகளுக்கு நடுவே அவன் முகமும் அப்போதுதான் சேர்ந்துகொள்கிறது.

இந்த 40, 60 வேதவாக்கு அல்ல. நான் அங்கிருந்து தொடங்கி, படத்தில் உண்மை நிறம் தெரிந்த ஏதாவது ஒரு பொருளை வைத்து நகர்த்துவேன். இலை, செங்கல், மூதாட்டியின் ரிப்பன் எதுவானாலும் சரி. ஒரு தொல்லை உண்டு: டிஜிட்டல் படங்களில் நீல சேனல்தான் பெரும்பாலும் அதிக இரைச்சலோடு, அதாவது தேவையற்ற புள்ளிகளோடு இருக்கும், ஜேபெக் கோப்பில் கட்டம் கட்டமாகவும் தெரியும். அதற்கு 60 கொடுத்தால் அந்தக் குப்பையும் மேலே வந்துவிடும். ஆகவே முடிந்தால் கேமரா சுருக்காமல் பதிந்த ரா கோப்பைக் கேட்டு வாங்குங்கள். முடியாவிட்டால் நிறம் இருக்கும்போதே இரைச்சலைக் குறையுங்கள். சாம்பலாக்கிய கோப்பை மட்டும் அனுப்பி ‘இதையே வைத்துக்கொள்ளுங்கள்’ என்பவர்களிடம் வேலையை ஒப்புக்கொள்ளாதீர்கள். நிறத் தகவல் போன பிறகு ரிப்பனும் ஸ்வெட்டரும் ஒத்துப்போக வழியே இல்லை.

கறுப்பைக் கறுப்பாகவே விடுவது

பழைய அச்சில் உண்மையான கறுப்பு அரிது. அந்தப் படத்தின் ஸ்கேனில் மிக ஆழமான இருட்டு, ஒருவரின் கோட்டு மடிப்பில், 38 என்று இருந்தது. மிக வெளுத்த இடம் 214. புதிதாக வந்தவனின் தலைமுடி 5 என்று இருந்தால் அவன் படத்திலிருந்து ஒரு முழம் முன்னே வந்து நிற்பான். `Levels` இல் கீழே இருக்கும் `Output Levels` பெட்டிகளில் 38, 214 என்று கொடுத்தேன். ஸ்வெட்டரின் 42 இப்போது 67 ஆனது. ரிப்பன் 64. மூதாட்டி மறுமுறை வாய் திறக்கவில்லை. முதல் அச்சில் அதே ஸ்வெட்டர் 110இல் நின்றிருந்தது.

பொருந்தியதா என்று கண்ணால் மட்டும் பார்த்தால் ஏமாற்றும், ஏனென்றால் கண் பழகிவிடும். மேலே ஒரு தற்காலிக `Curves` லேயர் வைத்து, கோட்டை அளவுக்கு மீறி வளைத்துப் பாருங்கள். இருண்ட பகுதிகள் எல்லாம் ஒன்றாக வெளுக்க வேண்டும், ஒன்றாகக் கறுக்க வேண்டும். ஓர் ஆள் மட்டும் தனியாக எழும்பினால் அவன் இன்னும் வெளியாள்தான். பார்த்து முடித்ததும் அந்த லேயரை நீக்கிவிடுங்கள்; நீக்க மறந்து அச்சிட்டவர்களையும் அறிவேன்.

மஞ்சள் பூச்சைத் தனித்தனியாகச் செய்வது

செய்யாதீர்கள். முழுப் படத்தையும் சாம்பலாக்கி, எல்லாம் முடிந்த பின் ஒரே பூச்சாக மேலே போடுங்கள்.

கிரெய்னை மசாலாபோல் தூவுவது

முதலில், அங்கே கிரெய்ன், அதாவது ஃபிலிமின் வெள்ளி மணிகளால் வரும் பொடித் திட்டுகள், இருக்கிறதா என்று பாருங்கள். பெரிய கண்ணாடித் தகட்டிலிருந்து அதே அளவில் எடுத்த அச்சில் வெள்ளி மணிகள் கண்ணுக்குத் தெரியாது. ஸ்கேனில் தெரிவது பெரும்பாலும் காகிதத்தின் நாரும் மேற்பரப்பும்தான். ‘பழைய படம் என்றால் பொடிப்பொடியாக இருக்கும்’ என்று எண்ணி அங்கே இரைச்சலைத் தூவினால், ஆளைச் சுற்றி அம்புக்குறி வரைந்ததற்குச் சமம்.

எங்கள் படம் சிறிய நெகட்டிவிலிருந்து பெரிதாக்கியது, அதனால் கிரெய்ன் நன்றாகவே இருந்தது. சுவரின் ஒரு சமமான பகுதியை 300 சதவீதத்தில் பார்த்தேன். திட்டுகள் மூன்று நான்கு பிக்சல் அகலத்தில், ஓரம் கரைந்து இருந்தன. `Add Noise` தருவதோ ஒரு பிக்சல் அளவுள்ள கூர்மையான மணல். இரண்டும் ஒரே அளவு அடர்த்தியாக இருந்தாலும் கண் உடனே பிரித்துவிடும். எனவே 50 சதவீதச் சாம்பல் நிரப்பிய ஒரு லேயரை ஆளின்மீது மட்டும் படும்படி `Overlay` முறையில் வைத்து, அதில் இரைச்சலைச் சேர்த்து, `Gaussian Blur` ஏறத்தாழ 1 பிக்சல் கொடுத்தேன். மங்கலாக்கியதும் இரைச்சலின் வலு குறைந்துவிடும், ஆகவே தொடக்கத்திலேயே தாராளமாகப் போட வேண்டும். `Overlay` முறையில் நடுச்சாம்பலில் அதிகமாகவும் இருட்டிலும் வெளுப்பிலும் குறைவாகவும் தெரியும். பழைய அச்சிலும் பெரும்பாலும் அப்படித்தான்.

எவ்வளவு போடுவது என்பதையும் ஊகிக்க வேண்டாம். சுவரில் சமமான ஒரு சதுரத்தைத் தேர்ந்தெடுத்தால் `Histogram` பலகத்தில் சாம்பல் அளவின் ஏற்ற இறக்கத்தை `Std Dev` காட்டும். எனக்கு 9 வந்தது. ஏறக்குறைய அதே சாம்பலுள்ள, மடிப்பில்லாத ஓர் இடத்தை அவன் துண்டில் தேடினேன். அங்கே கேமராவின் சொந்த இரைச்சல் 3. சேர்க்க வேண்டியது 6 என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். இரைச்சல்கள் வர்க்கமாகத்தான் கூடும்: 81இலிருந்து 9ஐக் கழித்தால் 72, அதன் வர்க்கமூலம் எட்டரை. அதாவது, இருக்கும் 3ஐ ஏறக்குறைய மறந்துவிட்டு வேலை செய்யலாம். மடிப்போ நிழலோ உள்ள இடத்தை அளந்தால் இந்த எண் வெறும் பொய்.

ஒரே கிரெய்னை முழுப் படத்தின்மேலும் போடுவது

பழைய பகுதியில் ஏற்கெனவே இருக்கிறது. அங்கே இரட்டிப்பாகும், ஆள்மீது ஒற்றையாகவே இருக்கும், வேறுபாடு அப்படியே நிற்கும்.

நிற இரைச்சல்

`Add Noise` இல் `Monochromatic` பெட்டியைக் குறியுங்கள்.

வரிசையை மாற்றுவது

என் மாணவரில் ஒருவர் கிரெய்னைக் கச்சிதமாகப் பொருத்திவிட்டு, ஆள் சற்றுப் பெரிதாகத் தெரிகிறார் என்று 80 சதவீதத்துக்குச் சுருக்கினார். திட்டுகளும் கூடவே சுருங்கின. நான் பின்பற்றும் வரிசை: அளவு, பிறகு லென்ஸின் மென்மைக்கு ஏற்ற மங்கல், பிறகு டோன், கடைசியில் கிரெய்ன். மங்கலுக்கு அளவுகோலாக, பக்கத்தில் நிற்பவரின் கண்ணிமை ஓரம் எத்தனை பிக்சலில் இருட்டிலிருந்து வெளுப்புக்கு வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். எங்கள் படத்தில் நான்கு. அவன் இமை ஒன்றரை பிக்சலில் மாறியது. வெட்டிய ஓரமும் அதே நான்கு பிக்சலில் கரைய வேண்டும். முகத்தை மென்மையாக்கிவிட்டு தோள்பட்டை ஓரத்தைக் கத்தரியால் வெட்டியதுபோல் விடுவது அந்த இன்னொரு மாணவரின் வழக்கம். அவர் கோப்பு இப்போது என் மேசையில் திருத்தத்துக்காகக் காத்திருக்கிறது.