வருமானம் விட்டுவிட்டு வரும்போது ரன்வே கணக்குப் போடுவது எப்படி

கையில் இருக்கும் பணத்தை மாதாமாதம் கரையும் தொகையால் வகுத்தால் வருவதுதான் ரன்வே, அதாவது இன்னும் எத்தனை மாதம் தாக்குப்பிடிக்கலாம் என்ற எண். மாதச் சந்தா மாதிரி சீராகப் பணம் வரும் தொழிலுக்கு இது சரியாக வேலை செய்யும். மூன்று மாதம் ஒன்றும் வராமல் நான்காவது மாதம் மொத்தமாக வந்து விழும் தொழிலில் இதே வகுத்தல் உங்களை நன்றாக ஏமாற்றிவிடும். எப்படி ஏமாற்றுகிறது, அதற்குப் பதில் என்ன செய்ய வேண்டும் என்பதை ஒரே உதாரணத்தை வைத்துக் கடைசி வரை போட்டுப் பார்ப்போம்.

ப்ராஜெக்ட் எடுத்துச் செய்யும் ஒரு சின்ன ஸ்டார்ட்அப். வங்கியில் 36 லட்சம் இருக்கிறது. மாதச் செலவு 10 லட்சம், அதில் சம்பளம் மட்டும் 6. கடந்த ஆறு மாதங்களில் வந்த பணம் லட்சத்தில் 2, 0, 21, 1, 0, 12.

முதலில் பேங்க் ஸ்டேட்மெண்ட்டை எடுங்கள்

இன்வாய்ஸ் போட்ட தேதி வேண்டாம், ஒப்பந்தம் கையெழுத்தான தேதியும் வேண்டாம். பணம் கணக்கில் ஏறிய தேதி மட்டும்தான் இந்தக் கணக்குக்குத் தேவை. முதலீட்டாளர் போட்ட பணமும் வாங்கிய கடனும் வரவுப் பட்டியலில் இருந்தால் அவற்றை நீக்கிவிடுங்கள், இல்லையென்றால் பர்ன், அதாவது மாதாமாதம் கரையும் தொகை, குறைந்த மாதிரி தெரியும். கஸ்டமரிடம் வசூலித்த வரியும் அப்படித்தான், அது சில வாரம் உங்கள் கணக்கில் தங்கிவிட்டுப் போகும் அரசாங்கத்தின் பணம்.

இப்போது இரண்டு எண்கள் கிடைக்கும். மொத்தமாக வெளியே போவது மொத்த பர்ன், இங்கே 10. அதிலிருந்து வந்த பணத்தைக் கழித்தால் நிகர பர்ன். ஆறு மாத வரவு 36, சராசரி 6, ஆக நிகர பர்ன் 4. 36-ஐ 4-ஆல் வகுத்தால் 9 மாத ரன்வே.

இந்த 9-ஐ நம்பாதீர்கள். சராசரியில் வரும் அந்த 6 லட்சம் எந்த மாதத்திலும் வரவே இல்லை, பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். அந்த 21-ஐ ஒரு கஸ்டமர் ஒரு வருடத்துக்கான முன்பணமாகக் கொடுத்திருந்தால் அது அடுத்த வருடம் வரை திரும்ப வராது, ஆனால் சராசரியை அது ஒன்றே தூக்கி நிறுத்திக்கொண்டிருக்கிறது. சட்டென்று சரிபார்க்க ஒரு வழி: ஆறு எண்களையும் ஏறுவரிசையில் அடுக்கி நடுவில் இருக்கும் இரண்டின் சராசரியை எடுங்கள். இங்கே 1, 2, ஆகவே 1.5. அப்படிப் பார்த்தால் நிகர பர்ன் 8.5, ரன்வே 4 மாதத்துக்குக் கொஞ்சம் மேல். இரண்டு விடைக்கும் நடுவில் இவ்வளவு தூரம் இருந்தால், வகுத்தல் உங்களுக்கு உதவாது, மாதவாரியாகத்தான் போட்டாக வேண்டும்.

மாதவாரி ஷீட்

ஐந்தே பத்திகள்: A மாதம், B தொடக்க இருப்பு, C வரவு, D செலவு, E முடிவு இருப்பு. B2-வில் இன்றைய இருப்பைப் போட்டுவிட்டு, மற்றதை இப்படி எழுதி, E2, B3 இரண்டை மட்டும் கீழே இழுத்துவிடுங்கள். G1 காட்டுவது முடிவு இருப்புகளில் மிகக் குறைந்ததை.

```
E2:  =B2+C2-D2
B3:  =E2
G1:  =MIN(E2:E8)
```

வரவுப் பத்தியில் கையெழுத்தான வேலைகளின் பணம் மட்டும். "அநேகமாக வந்துவிடும்" என்று தோன்றுவதைத் தனி ஷீட்டில் வையுங்கள், இங்கே கலக்க வேண்டாம். செலவுப் பத்தியில் பலரும் மறப்பது வருடத்துக்கு ஒரு தடவை வரும் கட்டணங்களை: சர்வர், காப்பீடு, மென்பொருள் உரிமம். நம் உதாரணத்தில் அது மூன்றாவது மாதத்தில் 4 லட்சமாக வருகிறது.

| மாதம் | தொடக்கம் | வரவு | செலவு | முடிவு |
|---|---|---|---|---|
| 1 | 36 | 0 | 10 | 26 |
| 2 | 26 | 3 | 10 | 19 |
| 3 | 19 | 0 | 14 | 5 |
| 4 | 5 | 20 | 10 | 15 |
| 5 | 15 | 0 | 10 | 5 |
| 6 | 5 | 12 | 10 | 7 |
| 7 | 7 | 2 | 10 | -1 |

எல்லாம் சொன்ன தேதியில் வந்தாலும் ஏழாவது மாதம் பணம் தீர்கிறது. 9 இல்லை.

நான்காவது மாதத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். மாத முடிவில் 15 என்று நிம்மதியாகத் தெரிகிறது. ஆனால் மாதம் தொடங்கும்போது கையில் இருப்பது 5, சம்பளம் 5-ஆம் தேதி 6 லட்சம், கஸ்டமரின் 20 லட்சம் வருவதோ 22-ஆம் தேதி. பேப்பரில் நன்றாக இருக்கும் இந்த மாதத்திலேயே சம்பளத்துக்கு 1 லட்சம் குறைகிறது, அதுவும் யாரும் தாமதம் செய்யாமலே. அதனால் முடிவு இருப்பு ஒரு மாதச் செலவுக்குக் கீழே போகும் இடங்களில், அந்த மாதத்தையும் அடுத்த மாதத்தையும் வாரவாரியாகப் பிரித்து எழுதிவிடுங்கள். மற்ற மாதங்களுக்கு அந்த அளவு தேவையில்லை.

அப்புறம், தாமதம்

பழைய இன்வாய்ஸ்களை எடுத்து, அனுப்பிய தேதிக்கும் பணம் ஏறிய தேதிக்கும் எத்தனை நாள் என்று ஒவ்வொன்றுக்கும் எழுதுங்கள். 30 நாள் என்று ஒப்பந்தத்தில் இருந்து, உண்மையில் 41, 38, 67, 52 என்று வந்திருந்தால், இனி ஷீட்டில் 30 போடுவதில் அர்த்தமே இல்லை. பெரிய தொகை தரும் கஸ்டமரைத் தனியாகப் பாருங்கள், உங்கள் ரன்வே அவர் கையில்தான் இருக்கிறது.

ஷீட்டை ஒரு நகல் எடுத்து அந்த 20-ஐ மட்டும் ஒரு வரி கீழே தள்ளுங்கள். நான்காவது மாத முடிவு -5. ஒரே ஒரு கஸ்டமர் ஒரு மாதம் தள்ளிக் கொடுத்தால் 7 மாத ரன்வே 4-ஆகச் சுருங்குகிறது. ஆக, முதலீட்டாளரிடம் பேசும்போதும் டீமிடம் பேசும்போதும் ஒற்றை எண் சொல்லாதீர்கள். "சொன்னபடி வந்தால் ஏழாவது மாதம் தீரும், பெரிய பில் ஒரு மாதம் தள்ளினால் நான்காவது மாதமே" என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இதை வைத்து என்ன செய்வது

செலவைக் குறைக்க இன்று முடிவெடுத்தாலும் நோட்டீஸ் காலம், ஒப்பந்தக் காலம் எல்லாம் முடிந்து வங்கியில் தெரிய இரண்டு மாதம்கூட ஆகலாம். ஆகவே இரண்டு மாத மொத்த பர்னை, இங்கே 20 லட்சத்தை, எச்சரிக்கைக் கோடாக வைப்பது என் பழக்கம். நம் ஷீட்டில் இரண்டாவது மாத முடிவிலேயே 19, அதாவது கோட்டுக்குக் கீழே. முடிவெடுக்க வேண்டியது முதல் மாதத்தில், 36 லட்சம் கையில் இருக்கும்போதே.

ஆளைக் குறைப்பதற்கு முன்னால் பணம் வரும் தேதிகளை நகர்த்தப் பாருங்கள், நிறைய நேரம் அதுவே போதும். 20 லட்ச வேலையில் 8-ஐ வேலை தொடங்கும்போது, இரண்டாவது மாதத்திலேயே கேட்டு வாங்கினால், அந்த மாத முடிவு 27, மூன்றாவது 13. மீதி 12 ஒரு மாதம் தள்ளிப்போனாலும் நான்காவது மாத முடிவில் 3 லட்சம் மிஞ்சும், அந்த மாதச் சம்பளத் தேதியிலும் தட்டாது. வருடக் கட்டணம் 4-ஐக் காலாண்டுக்கு 1 என்று மாற்றித் தருவார்களா என்றும் கேளுங்கள்; தந்தால் அந்த 3 என்பது 6 ஆகும்.

ஒன்றைக் கவனியுங்கள், இவை இரண்டும் பள்ளத்தைத்தான் நிரப்புகின்றன. புதுப் பணம் எதுவும் உள்ளே வரவில்லை, ஏழாவது மாதம் கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் இருக்கிறது. அதற்குப் புது வேலையோ, நிரந்தரச் செலவுக் குறைப்போ, முதலீடோ வேண்டும், அதைத் தேட உங்களுக்கு இப்போது தெளிவாக ஆறு மாதம் இருக்கிறது.