டிபன் பாக்ஸ் படத்தைப் பார்த்துச் சத்தை எடைபோடும்போது நடக்கும் தவறுகள்

தக்காளி சாதம், உருளைக்கிழங்கு வறுவல், ஓரத்தில் இரண்டு வெள்ளரி வட்டம். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று படம் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். ஆனால் அந்த டப்பாவில் காய் என்று சொல்ல அந்த இரண்டு வெள்ளரி வட்டம்தான் உண்டு. பருப்பு, முட்டை வகையில் ஒன்றுமே இல்லை. நிறத்தை வைத்துக் காயைக் கணக்கிடுவதுதான் முதலில் சறுக்கும் இடம். நாலு பேருக்கான தக்காளி சாதத்தில் நாலு தக்காளி போட்டாலும் ஆளுக்கு ஒன்றுதான் வரும். புதினா சாதமும் அப்படித்தான்: பார்க்கப் பச்சை, உள்ளே சோறு. உருளைக்கிழங்கு காய்கறிக் கடையில் விற்றாலும் அதில் இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்து. சேனை, சேப்பங்கிழங்கு, மரவள்ளியும் அதே கட்சி. படத்தில் இவற்றைச் சோற்றோடு சேர்த்துத்தான் எண்ண வேண்டும்.

அடுத்தது பரப்பை அளவென்று நம்புவது. நேர் மேலிருந்து எடுத்த படத்தில் உயரம் தெரியாது. ஒரு சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொள்வோம். நடுவில் 12 செ.மீ. அகலம், 4 செ.மீ. உயரத்தில் சோற்றுக் குவியல். பக்கத்தில் பீன்ஸ் பொரியலும் கேரட் பொரியலும். ஒவ்வொன்றும் 8 செ.மீ. அகலம், நடுவில் 1.5 செ.மீ. உயரம். மேலிருந்து பார்த்தால் இரண்டு பொரியலும் சேர்ந்து ஏறக்குறைய சோற்றின் பரப்பைப் பிடிக்கும். ‘பாதிக்குப் பாதி காய், பிரமாதம்’ என்று தோன்றும். கன அளவைக் கணக்கிட்டால் சோறு சுமார் 260 மி.லி., இரண்டு பொரியலும் சேர்ந்தே 80 மி.லி.க்குள். அதாவது சோற்றில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

டிபன் பாக்ஸில் இது இன்னும் மோசம். அடியில் நாலு செ.மீ. சோறு, மேலே ஒரு செ.மீ. பொரியலைப் பரப்பி மூடினால் படம் முழுக்கக் காயாகத் தெரியும். எனவே ஒரு படம் மேலிருந்தும் இன்னொன்று பக்கவாட்டில் சாய்த்தும் எடுங்கள். கரண்டியால் ஒரு மூலையை ஒதுக்கிவிட்டு எடுத்தால் அடுக்கு அப்படியே தெரியும். பக்கத்தில் ஒரு சாப்பாட்டு ஸ்பூன் கிடந்தால் அளவு பிடிபடும்; தட்டின் அகலம் தெரியாமல் எந்தக் கணக்கும் நிற்காது. கீரைக்கு மட்டும் கொஞ்சம் சலுகை கொடுக்கலாம். வதக்கினால் ஒரு கட்டும் ஒரு கிண்ணமாகச் சுருங்கிவிடும் என்பதால், சின்னக் குவியலுக்குள்ளும் நிறையக் கீரை இருக்கும்.

புரதத்தில்தான் பெரும்பாலானோர் ஏமாறுகிறார்கள். கிண்ணத்தில் சாம்பார் இருந்தால் ‘பருப்பு இருக்கு’ என்று டிக் போட்டுவிடுகிறார்கள். 100 கிராம் துவரம்பருப்பில் சுமார் 22 கிராம் புரதம். அதை 12 கரண்டி சாம்பாராக நீட்டினால் கரண்டிக்கு 2 கிராம்கூட வராது. ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம். ஆக, முட்டைக்கு ஈடுகட்ட மூன்று கரண்டிக்கு மேல் சாம்பார் வேண்டும். அவ்வளவு எந்தப் பிள்ளை ஊற்றிக்கொள்ளும்? ரசத்தைக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம். அப்பளம் உளுந்துதான், ஆனால் ஒன்றிரண்டு அப்பளத்தில் உள்ள உளுந்து ரொம்பச் சொற்பம். படத்தில் புரதம் என்று தயங்காமல் எண்ணக்கூடியவை சுண்டல், கெட்டியான கூட்டு, முட்டை, பனீர், மீன், கறி. தயிர் என்றால் ஒரு கிண்ணமாவது இருக்க வேண்டும். சாம்பார் கெட்டியா தண்ணீரா என்று படத்திலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். சோற்றில் ஊற்றியதும் மேலேயே தங்கினால் பருப்பு கூடுதல், விளிம்பில் வடிந்து தனியே நின்றால் குறைவு. புளிக்கரைசலோடு அரிசிமாவு கரைத்த சாம்பாரிடம் மட்டும் இந்தச் சோதனை பலிக்காது.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் தட்டுப் படத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறவர்களும் உண்டு. 2,000 கலோரிக்கான அந்தத் தட்டில் தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், காய் 400 கிராம். எல்லாம் சமைப்பதற்கு முந்தைய எடை. அதுவும் ஒரு முழு நாளைக்கு. அதை ஒரு வேளை டப்பாவின் மேல் வைத்துப் பார்த்து ‘காய் போதவில்லை’ என்று முடிவு கட்டினால் கணக்கு தப்பும். காலையில் வெறும் இட்லி சாப்பிட்ட பிள்ளைக்கு மதியம் காய் கூடுதலாக வேண்டும். இரவு கூட்டும் கீரையும் இருந்தால் மதியம் கொஞ்சம் குறைந்தாலும் பாதகமில்லை. எண்ணெயும் உப்பும் எந்தப் படத்திலும் சிக்காது. பளபளப்பை வைத்து எண்ணெயை ஊகிப்பது வீண், ஈரக் காயும் பளபளக்கும்.

இன்னொன்று, கட்டிக் கொடுத்தது எல்லாம் வயிற்றுக்குள் போவதில்லை. சாம்பாரில் நாலு முருங்கைத் துண்டு தெரியும். சக்கை நீங்கினால் மிஞ்சுவது இரண்டு ஸ்பூன் சதை. சாயங்காலம் திரும்பி வரும் டப்பாவையும் ஒரு படம் எடுத்துக் காலைப் படத்தின் பக்கத்தில் வையுங்கள். பீன்ஸ் முழுக்க ஓரத்தில் ஒதுங்கியிருந்தால், காலையில் காய்க்குப் போட்ட டிக்கை அழித்துவிட வேண்டியதுதான்.